கனடாவுக்கு எந்த அனுபவச் சான்றிதழ்: ஒரு பக்கக் கடிதமா, பணி விவரக் கடிதமா, மேலாளர் கடிதமா?

வேலையை விட்டுக் கிளம்பும்போது ரிலீவிங் லெட்டரோடு எச்.ஆர். தரும் ஒரு பக்கக் கடிதத்தில் பதவி, சேர்ந்த நாள், விலகிய நாள், ‘நன்னடத்தை உடையவர்’ என்ற வரி, இவ்வளவுதான் இருக்கும். உள்ளூரில் அடுத்த வேலைக்கு இது போதும். கனடாவில் நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பிக்கும் முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்குப் போதாது. அங்கே கேட்பது பணி விவரக் கடிதம். கம்பெனி அதைத் தர மறுத்தால் மேலாளர் தனிப்பட்ட முறையில் எழுதித் தரும் கடிதம் மூன்றாவது வழி. என் ஓட்டு இரண்டாவதுக்கே. மூன்றாவது, அது கிடைக்காதவர்களுக்கு மட்டும்.

வெளித்தோற்றத்தில் முதல் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. லெட்டர்ஹெட், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், கையெழுத்திடுபவரின் பெயரும் பதவியும் இரண்டிலும் வேண்டும். பணி விவரக் கடிதத்தில் கூடுதலாக வாரத்துக்கு எத்தனை மணி நேர வேலை, ஆண்டுச் சம்பளமும் இதர சலுகைகளும், வகித்த ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனித் தேதி, செய்த வேலைகள் ஆகியவை வரும். தீர்மானிப்பது கடைசியில் சொன்ன அந்த வேலைப் பட்டியல்தான்.

காரணம், கனடா பதவிப் பெயரைப் பார்த்து முடிவு செய்வதில்லை. தேசியத் தொழில் வகைப்பாட்டில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் உண்டு. திருப்பூர் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் ‘அக்கவுன்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ்’ என்று நான்கு வருடம் இருந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் கணக்குப் புத்தகம் முழுவதையும் பராமரித்து, டிரயல் பேலன்ஸ் எடுத்து, நிதி அறிக்கை தயாரித்தவர் என்றால் 12200 என்ற எண்ணுக்குள் வருவார். பில் போடுவது, வவுச்சர் பதிவது, வரவு செலவைச் சரிபார்ப்பது மட்டும் என்றால் அவர் 14200. வேலைக்குத் தேவையான படிப்பு, பயிற்சியை வைத்து வகைப்பாடு பிரிக்கும் நிலைகளில் 12200 இரண்டாம் நிலை. திறன்மிகு தொழிலாளர் பிரிவில் செல்லும். 14200 நான்காம் நிலை. அந்தப் பிரிவில் கணக்கிலேயே வராது. ஒரு பக்கக் கடிதத்தை வைத்து இவர் எந்த எண் என்று அதிகாரியால் சொல்ல முடியாது. நிரூபிக்க வேண்டிய பொறுப்பு விண்ணப்பதாரருடையது என்பதால் சந்தேகத்தின் பலன் அவருக்குக் கிடைக்காது.

ஆகவே ஆறு முதல் எட்டு வேலைகளை எழுதி வாங்குங்கள். ‘கணக்கு வேலைகளைக் கவனித்தார்’ என்பதால் பயனில்லை. ‘டேலியில் பொதுப் பேரேட்டைப் பராமரித்து, மாதந்தோறும் டிரயல் பேலன்ஸ் எடுத்தார், வங்கிக் கணக்கை ஒத்திசைவு செய்தார், ஜி.எஸ்.டி., டி.டி.எஸ். படிவங்களைத் தயாரித்துத் தாக்கல் செய்தார்’ என்று இருந்தால் ஒவ்வொரு வரியும் அந்த எண்ணுக்கு வகைப்பாட்டில் சொன்ன ஒரு கடமையோடு பொருந்தும். கனடா இணையதளத்தில் உள்ள வரிகளை அப்படியே ஒட்டுவதுதான் பலர் மாட்டிக்கொள்ளும் இடம். எல்லாக் கம்பெனிக்காரரும் ஒரே வாக்கியத்தில் பேசினால் யார்தான் நம்புவார்கள்? மென்பொருள், படிவம், அறிக்கை என்று உங்கள் அலுவலகத்துப் பெயர்களிலேயே இருக்கட்டும்.

வாங்கியதும் தேதிகளை பி.எஃப். கணக்கில் பதிவான சேர்ந்த, விலகிய நாட்களோடும், சம்பளத்தை ஃபார்ம் 16 உடனும் ஒப்பிடுங்கள். முரண் இருந்தால் நோட்டீஸ் காலத்திலேயே திருத்தச் சொல்ல வேண்டும். கடைசி நாள் தாண்டிவிட்டால் உங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் வருவது எச்.ஆரின் மனநிலையைப் பொறுத்தது. விண்ணப்பிக்கச் சொல்லி கனடாவிடமிருந்து அழைப்பு வந்த பிறகு இருப்பதோ 60 நாள்.

பெரிய ஐ.டி. நிறுவனங்களில் ‘பணி விவரம் எழுதித் தருவது எங்கள் கொள்கையில் இல்லை’ என்று கைவிரிப்பது சகஜம். அப்போதுதான் மூன்றாவது வழி. நேரடி மேலாளர் தன் பதவி, உங்களை மேற்பார்வை செய்த காலம், நீங்கள் செய்த வேலைகள் ஆகியவற்றை எழுதி, நோட்டரி முன் கையெழுத்திடலாம். அதோடு எச்.ஆரின் ஒரு பக்கக் கடிதம், நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், ஃபார்ம் 16 ஆகியவற்றைச் சேர்த்து, முழுக் கடிதம் ஏன் கிடைக்கவில்லை என்ற விளக்கத்தையும் வையுங்கள். கம்பெனி மறுத்த மின்னஞ்சல் இருந்தால் அதுவும் நல்ல ஆதாரம். ஆனாலும் ஏற்பது அதிகாரியின் விருப்பம். இதை முழுக் கடிதத்துக்குச் சமமாக நினைக்க வேண்டாம்.

நன்னடத்தை வரியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. கனடா கேட்கும் பட்டியலில் அது இல்லை, இருந்தாலும் கெடுதல் இல்லை. வளைகுடா வேலைக்கு அதே கடிதத்தைக் கொண்டுபோவதாக இருந்தால் நன்னடத்தை வரியும் கம்பெனி முத்திரையும் இருக்கட்டும்; சான்றொப்பம் கேட்கும் நாடும் உண்டு என்பதால் மை கையெழுத்திட்ட அசல் ஒன்றைத் தனியாக வாங்கி வையுங்கள். பி.டி.எஃப். மட்டும் வைத்திருந்தால் அங்கே சிக்கல்.