கோவ் விளக்கில் புள்ளி தெரியாமலிருக்க: சாதா ஸ்ட்ரிப்பா, புரொஃபைலா, சிஓபியா?

ஃபால்ஸ் சீலிங்கின் ஓரத்தில் விளக்கை மறைத்து வைக்கும் பள்ளமான கோவ் பகுதியில் விளக்குப் புள்ளிகள் தெரியக்கூடாது என்பதற்காகப் பலரும் நேராக, எல்இடி சில்லுகள் மிக நெருக்கமாக அமைந்த சிஓபி ஸ்ட்ரிப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால், ஒரு எல்இடிக்கும் அடுத்த எல்இடிக்கும் உள்ள இடைவெளியையும், வெளிச்சம் முதலில் விழும் பரப்பு எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் இந்த முடிவை எடுக்கக்கூடாது.

மீட்டருக்கு 60 எல்இடி உள்ள சாதா ஸ்ட்ரிப்பில் இந்த இடைவெளி ஏறத்தாழ 17 மி.மீ.; 120 எல்இடி உள்ளதில் 8 மி.மீ. கோவின் தளத்திலிருந்து மேலே உள்ள கான்கிரீட் கூரை 6 அங்குலம், அதாவது 150 மி.மீ. உயரத்தில் இருந்தால், 60 எல்இடி ஸ்ட்ரிப்பின் வெளிச்சம்கூட கூரையை எட்டுவதற்குள் நன்றாகக் கலந்துவிடும். அதே ஸ்ட்ரிப்பைப் பின்சுவரை ஒட்டினாற்போல் பதித்தால், சுவரில் வரிசையாக வெளிச்சத் திட்டுகள் விழும். இரண்டு அங்குலமாவது தள்ளிப் பதித்தால் அவை மறையும். கூரைக்குப் பளபளப்பான பெயின்ட் அடித்திருந்தால் அது கண்ணாடிபோல் ஒவ்வொரு எல்இடியையும் பிரதிபலிக்கும் என்பதால், அங்கே மேட் எமல்ஷன் அடிப்பதே சரியான தீர்வு.

பால்நிற மூடி போட்ட அலுமினிய புரொஃபைலைப் பொறுத்தவரை, மூடியே முதல் பரப்பு. 7 மி.மீ. ஆழமுள்ள மெல்லிய புரொஃபைலுக்குள் 60 எல்இடி ஸ்ட்ரிப்பை வைத்தால் மூடியில் புள்ளிகள் அப்படியே தெரியும். 120 எல்இடி வைத்தாலும் மங்கலாகத் தெரியலாம். இடைவெளிக்குக் குறையாத ஆழம் வேண்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது. மாடிப்படியிலிருந்து கோவின் உட்புறத்தைப் பார்க்க முடிகிற வீடுகளுக்கும், கூரைக்கும் கோவுக்கும் இடையே இரண்டு அங்குலம்கூடக் கிடைக்காத அறைகளுக்கும் மட்டுமே சிஓபிக்குக் கூடுதல் பணம் தருவதில் நியாயம் உண்டு. சில்லுகள் மிக நெருக்கமாக அமைந்து, மேலே ஒரே சீரான பாஸ்பர் பூச்சும் இருப்பதால், அது நேரில் பார்த்தாலும் ஒரே கோடாகத் தெரியும்.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் கவனிக்கப்படாதது கோவின் விளிம்புத் தடுப்பின் உயரம். ஸ்ட்ரிப் விளிம்பிலிருந்து 4 அங்குலம் உள்ளே, தளத்தின்மீது மேல்நோக்கிப் பதிக்கப்பட்டிருக்கிறது, கூரை 6 அங்குல உயரத்தில் உள்ளது என்று கொள்வோம். தடுப்பு 2 அங்குலமாக இருந்தால், அதன் நுனியை உரசிச் செல்லும் ஒளி ஸ்ட்ரிப்பிலிருந்து 12 அங்குலத்தில் கூரையைத் தொடும்; விளிம்பைத் தாண்டி 8 அங்குலம் வரைதான் நேரடி வெளிச்சம், அதற்கப்பால் ஒரு கூர்மையான நிழல்கோடு தெரியும். தடுப்பை 1 அங்குலமாகக் குறைத்தால் அது 20 அங்குலமாக நீளும். கீழே நிற்பவரின் பார்வை விளிம்பைக் கடந்ததும் மேல்நோக்கியே செல்வதால், தளத்தில் கிடக்கும் ஸ்ட்ரிப்பை மறைக்க உயரமான தடுப்பு தேவையில்லை. ஆகவே ஜிப்சம் வேலை தொடங்கும் முன்பே இந்த உயரத்தை வரைபடத்தில் குறித்துக் கொடுத்துவிட வேண்டும். போர்டு பொருத்தி, பட்டி பார்த்து, பெயின்ட்டும் அடித்த பிறகு ஸ்ட்ரிப்பை மாற்றுவது எளிது, தடுப்பைக் குறைப்பது எளிதன்று.