ஆச்சி மேசைக்குப் போன இரண்டு அறிக்கைகள்

காரைக்குடியில் ஒரு பலகாரக் கடையின் ஆன்லைன் ஆர்டர் சிஸ்டத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை காலை 10:40க்கு அது படுத்துவிட்டது. எழுந்தது மதியம் 1:05க்கு. மாலையில் முதலாளி ஆச்சிக்கு அறிக்கை தர வேண்டும். கூட வேலை பார்க்கும் தம்பி ஒன்று எழுதினான், நான் ஒன்று எழுதினேன்.

தம்பியுடையது நேர வரிசை. 10:40 பிழை, 10:55 ரீஸ்டார்ட், 11:20 மறுபடி ரீஸ்டார்ட். ஆச்சி ஒரு பக்கம் வாசித்துவிட்டு, "அது சரிப்பா, யார் பணமாவது நம்மகிட்ட நிக்குதா?" என்று கேட்டார்கள். அதற்குப் பதில் அதில் இல்லை.

என்னுடையதில் முதல் வரியே அதுதான்: "2 மணி 25 நிமிடம் ஆர்டர் எடுக்க முடியவில்லை. 9 பேர் பணம் கட்டியும் ஆர்டர் பதிவாகவில்லை. 9 பேரிடமும் பேசியாயிற்று." அந்த 9, பேமெண்ட் கேட்வே பட்டியலை நம் ஆர்டர்களோடு ஒப்பிட்டு எண்ணியது. வராமலே போன ஆர்டர்களை அப்படி எண்ண வழியில்லை. முந்தைய சனிக்கிழமை அதே நேரத்தில் வந்ததை வைத்து 'சுமார் 60, மதிப்பீடு' என்று தனியாகப் போட்டேன். இரண்டையும் கூட்டி 69 என்று எழுதியிருந்தால் அது பொய்க் கணக்கு.

காரணத்தில்தான் வித்தியாசம் பெரிது. தம்பி எழுதியது: "டிஸ்க் நிறைந்துவிட்டது." உண்மைதான், ஆனால் ஏன் நிறைந்தது? ஆடி மாதம் ரிப்போர்ட்டுக்காக ஒரு நகல் சர்வர் வைத்து, பிறகு எடுத்துவிட்டோம். அதற்காக எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரஸில் உருவாக்கிய ரெப்ளிகேஷன் ஸ்லாட்டை, அதாவது நகல் எதுவரை வாங்கியிருக்கிறது என்று குறித்துவைக்கும் பதிவை, நீக்கவில்லை. வராத நகலுக்காக அது டேட்டாபேஸ் மாற்றங்களைப் பதியும் pg_wal கோப்புகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தது. தீபாவளி ஆர்டர்கள் அதை வேகப்படுத்தின, அவ்வளவுதான். இந்த வரியில் அது தெரியும், யாரும் பயன்படுத்தாத ஸ்லாட்டுக்கு active என்பது f என்றிருக்கும்:

```sql
SELECT slot_name, active FROM pg_replication_slots;
```

டிஸ்க்கைப் பெரிதாக்கி, ஸ்லாட்டை நீக்கிய பிறகுதான் நிலைமை சரியானது. ஸ்லாட்டை மறந்தது நான்தான். ஆனாலும் 'கவனக்குறைவு' என்று காரணம் எழுதவில்லை. எழுதினால் தடுப்பு 'இனி கவனமாக இருப்போம்' என்றுதான் முடியும். தம்பியின் அறிக்கை அப்படித்தான் முடிந்திருந்தது. நமக்கு முதலில் தகவல் சொன்னது ஒரு வாடிக்கையாளரின் போன் என்பதையும் சேர்த்தேன். எழுதக் கூச்சமாக இருந்தது, ஆனால் அலாரம் இல்லாததும் காரணத்தில் பாதி.

தடுப்பில் இரண்டே வேலை, பெயரும் தேதியும் போட்டு. டிஸ்க் 80 சதவீதம் தொட்டால் போனுக்கு எச்சரிக்கை: தம்பி, திங்கள். ஸ்லாட் சேர்த்துவைக்கும் கோப்புகளுக்கு `max_slot_wal_keep_size` வரம்பு: நான், புதன். இது போஸ்ட்கிரஸ் 13 முதல் உண்டு. வரம்பைத் தாண்டிப் பின்தங்கிய நகல் செல்லாமல் போகும், புதிதாக எடுக்க வேண்டும். அதையும் மறைக்காமல் எழுதினேன்.

தம்பியின் நேர வரிசையைத் தூக்கிப் போடவில்லை. இணைப்பாகப் பின்னால் வைத்தோம். அடுத்த முறை ராத்திரியில் சர்வரோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு அதுதான் உதவும். ஆச்சி முன்பக்கத்தை வாசித்துவிட்டு, "அந்த 9 பேருக்கும் ஒரு பொட்டலம் சீப்புச்சீடை சேர்த்து அனுப்பு" என்றார்கள்.