‘புரிந்துகொள்வர்’ எழுதுவதா, ‘ஒப்பிடுவர்’ எழுதுவதா?

பாடக்குறிப்பு நோட்டில் பல வருடம் நான் எழுதிய கற்றல் நோக்கம் ஒரே வரிதான்: “மாணவர்கள் வெப்பத்துக்கும் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்வர்.” அடுத்த வாரம் தலைப்பை மட்டும் மாற்றினால் போதும். தலைமையாசிரியர் கையெழுத்தும் விழுந்துவிடும். இரண்டு வருடமாக அந்தச் சொல்லை விட்டுவிட்டு அடையாளம் காண்பர், ஒப்பிடுவர், மதிப்பிடுவர் என்று எழுதுகிறேன். என் ஓட்டு இப்போது இந்தப் பக்கம்தான்.

பழைய சொல்லின் வசதி தெரிந்ததுதான்: எழுதுவது சுலபம், எந்தப் பாடத்துக்கும் ஒட்டும். அதன் குறையும் தெரிந்ததே, புரிதல் கண்ணுக்குத் தெரியாது. என்னை மாற வைத்தது வகுப்பின் கடைசி ஐந்து நிமிடம். “புரிஞ்சுதா?” என்று கேட்பேன். “புரிஞ்சது சார்” என்று மொத்த வகுப்பும் பாடும். மணி அடிக்கும். நோக்கம் அப்படி எழுதியிருந்ததால், அதைச் சோதிக்க எனக்கு வேறு கேள்வியே தோன்றவில்லை.

அதே பாடத்துக்கு அடுத்த வருடம் இப்படி எழுதினேன்: “ஒரே வெப்பநிலையில் உள்ள இரண்டு வேறு அளவு நீரை ஒப்பிட்டு, எது அதிக ஐஸை உருக்கும் என்று காரணத்தோடு கூறுவர்.” எழுதியவுடன் கடைசி ஐந்து நிமிடத்துக்கான கேள்வியும் கிடைத்துவிட்டது. ஒரு டம்ளர் நீர், ஒரு குடம் நீர், இரண்டும் 60 டிகிரி. எதில் அதிக ஐஸ் உருகும், ஏன்? துண்டுச்சீட்டில் இரண்டு வரி எழுதச் சொன்னேன்.

“ரெண்டும் 60, அதனால ரெண்டுலயும் ஒரே அளவுதான்” என்று சிலர் எழுதியிருந்தார்கள். “குடத்தில். ஏன்னா அதுதான் அதிக சூடு” என்று எழுதியவர்களும் இருந்தார்கள். விடை சரி, காரணம் தப்பு. சூடு, அதாவது வெப்பநிலை, இரண்டிலும் ஒன்றுதான். குடத்தில் நீர் அதிகம், அதனால் அது 0 டிகிரிவரை ஆறுவதற்குள் வெளியே விடும் வெப்பமும் அதிகம். அந்த ‘ஏன்’ இல்லாமல் விட்டிருந்தால் இவர்களுக்கும் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். மறுநாள் எங்கே தொடங்குவது என்பதை அந்தச் சீட்டுகளே சொல்லிவிட்டன. ‘புரிந்துகொள்வர்’ எனக்கு ஒருநாளும் இதைத் தந்ததில்லை.

ஆனால் சொல்லை மட்டும் மாற்றினால் ஏமாந்துபோவோம். முதல் வருடம் நானே ஏமாந்தேன். “வெப்பம் பரவும் முறைகளை அடையாளம் காண்பர்” என்று எழுதினேன். கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்று மூன்று பெயரையும் ஒப்பித்தார்கள், நானும் டிக் அடித்தேன். தோசைக்கல்லின் கைப்பிடிக்கு ஏன் மரம் போடுகிறார்கள் என்றால் பதில் இல்லை. அளக்க முடிகிற சொல்லைத் தேடப்போய், அளக்கச் சுலபமான சொல்லில் இறங்கிவிட்டேன்.

‘மதிப்பிடுவர்’ இன்னும் சிக்கல். தமிழில் அது உத்தேசமாகக் கணக்கிடுவதையும் குறிக்கும், நல்லது கெட்டதைச் சீர்தூக்குவதையும் குறிக்கும். அதனால் எதை வைத்து என்று கூடவே எழுதிவிடுகிறேன்: “டீயைச் சூடாக வைத்திருக்க எவர்சில்வர் டம்ளர், மண்குவளை இரண்டில் எது ஏற்றது என்பதை, பத்து நிமிடத்தில் வெப்பநிலை எவ்வளவு குறைகிறது என்பதைக் கொண்டு மதிப்பிடுவர்.” அளவுகோல் இல்லாவிட்டால் அது வெறும் அபிப்பிராயம்.

அப்போ ‘புரிதல்’ வேண்டாமா? அப்படியில்லை. கற்றல் நோக்கங்களைப் படிநிலைகளாகப் பிரிக்கும் ப்ளூமின் வகைப்பாட்டை 2001-இல் திருத்தியபோதும் புரிதல் ஒரு படிநிலையாக இருக்கவே செய்தது. அதற்குக் கீழே விளக்குதல், எடுத்துக்காட்டு தருதல், வகைப்படுத்துதல் என்று ஏழு செயல்களைப் பிரித்துக் காட்டினார்கள். ஒப்பிடுதலும் அதில் ஒன்று. ஆக, ஒப்பிடச் சொல்வது புரிதலைத் துரத்துவது அல்ல, அதன் ஒரு பக்கத்தை வெளியே கொண்டுவருவது. அதனால் மொத்த அலகுக்கான நோக்கத்தில் ‘புரிந்துகொள்வர்’ என்றே வைத்திருக்கிறேன். அன்றன்றைய 40 நிமிட வகுப்புக்கு மட்டும் செயல் சொல்.

இதெல்லாம் அறிவியல் பாட அனுபவம். செய்யுள் வகுப்புக்கு இது பொருந்துமா என்பதில் எனக்கு உறுதியில்லை. எங்கள் பள்ளித் தமிழாசிரியை ஒருவரிடம் இந்த முறையைச் சொன்னபோது அவர் ஒரு முறை முயன்று பார்த்தார். “உவமையை அடையாளம் காண்பர்னு எழுதினேன் சார். பசங்க ‘போல’வைத் தேடிக் கோடு போட்டுட்டுப் புத்தகத்தை மூடிட்டாங்க, பாட்டை யாருமே படிக்கல” என்றார். அவர் நோட்டில் இப்போதும் ‘சுவைப்பர்’ என்றுதான் இருக்கிறது.