எழுபதா, அறுபதும் பத்துமா? ஊருக்கு ஊர் மாறும் பிரெஞ்சு

பிரான்சில் எழுபதைச் 'சுவசாந்த்-தீஸ்' என்பார்கள், அதாவது அறுபதும் பத்தும். எண்பது 'கத்ர-வேன்', நான்கு இருபதுகள். தொண்ணூறு 'கத்ர-வேன்-தீஸ்', நான்கு இருபதுகளும் ஒரு பத்தும். எல்லை தாண்டி பெல்ஜியத்துக்குப் போனால் எழுபது 'செப்தாந்த்', தொண்ணூறு 'நோனாந்த்' என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். எண்பது மட்டும் அங்கேயும் கத்ர-வேன்தான். பெல்ஜியத்தில் எண்பதை 'ஒக்தாந்த்' என்கிறார்கள் என்று பல இடங்களில் எழுதியிருக்கும், அதை நம்ப வேண்டாம். சுவிட்சர்லாந்தில் லோசான் நகரம் இருக்கும் வோ மாநிலத்தில் எண்பதுக்கும் 'உய்த்தாந்த்' என்று தனிச்சொல் இருக்கிறது. பக்கத்து ஜெனீவாவில் அது மறுபடியும் கத்ர-வேன் ஆகிவிடும்.

கற்பவருக்கு எது எளிது என்று கேட்டால், சந்தேகமே இல்லாமல் லோசான் முறை. தொலைபேசி எண் எழுதும்போது இது நன்றாகத் தெரியும். பிரான்சில் எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வார்கள். நடுவில் 76, 92 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 'சுவசாந்த்' காதில் விழுந்ததும் கை 60 எழுதிவிடும். அடுத்து 'சேஸ்', பதினாறு, வந்தபிறகுதான் அது 76 என்று புரியும். 92 இன்னும் மோசம்: 'கத்ர' என்றதும் 4, 'வேன்' என்றதும் 80, 'தூஸ்' என்ற பன்னிரண்டு வந்தால்தான் 92. பெல்ஜியத்திலோ லோசானிலோ இதே எண்கள் 'செப்தாந்த்-சீஸ்', 'நோனாந்த்-தெ'. முதல் சொல்லைக் கேட்டதுமே 7, 9 என்று தயங்காமல் எழுதலாம்.

பிரான்சில் தொலைபேசி எண்ணுக்குப் 10 இலக்கம். எழுதி முடித்ததும் 12, 14 இலக்கம் வந்திருந்தால் தப்பு நடந்த இடம் பெரும்பாலும் எழுபதுகளும் தொண்ணூறுகளும்தான். ஒவ்வொரு ஜோடியும் முழுதாக வந்து முடியும்வரை பேனாவைத் தாளில் வைக்காமல் இருப்பதுதான் இதற்கு வழி.

இத்தனை சிரமமான முறை பிரான்சில் நிலைத்ததற்குக் காரணம், இருபது இருபதாக எண்ணுவது அங்கே மிகப் பழைய வழக்கம். பாரிசில் 13ஆம் நூற்றாண்டில் ஒன்பதாம் லூயி மன்னர் பார்வையற்றோர் 300 பேருக்காக நிறுவிய இல்லத்தின் பெயர் 'கேன்ஸ்-வேன்', பதினைந்து இருபதுகள். இன்றும் அதே பெயரில் கண் மருத்துவமனையாக இயங்குகிறது. செப்தாந்தும் நோனாந்தும் அந்தக் காலத்தில் பிரான்சுக்குள்ளேயே கூடவே புழங்கின. 1647இல் வெளியான இலக்கண அறிஞர் வோஜ்லாவின் மொழிக் குறிப்புகள் சுவசாந்த்-தீஸ் பக்கம் நின்றன. பாரிஸ் அரசவையின் பேச்சே நல்ல பிரெஞ்சு என்றானபோது மற்றச் சொற்கள் ஓரங்களுக்கு ஒதுங்கின. பெல்ஜியம் ஆண்டதால் காங்கோவிலும் செப்தாந்த், நோனாந்த் கேட்கும். கனடாவின் கியூபெக் மாநிலமோ பிரான்சின் எண்களையே வைத்துக்கொண்டது.

ஆனால் என்னைக் கேட்டால் எண்கள் பெரிய ஆபத்தில்லை. பாரிசில் செப்தாந்த் என்றாலும் புரிந்துகொள்வார்கள், பெல்ஜியத்திலிருந்தோ சுவிட்சர்லாந்திலிருந்தோ வந்தவர் என்று நினைப்பார்கள், அவ்வளவுதான். ஒரே சொல் ஊர் மாறியதும் பொருள் மாறும்போதுதான் மாட்டிக்கொள்வோம். சாப்பாட்டு வேளைகளைப் பாருங்கள். பாரிசில் காலை உணவு 'பெத்தி தெஜெனே', மதியம் 'தெஜெனே', இரவு 'தினே'. பெல்ஜியம், சுவிட்சர்லாந்து, கியூபெக் மூன்றிலும் காலையே தெஜெனே, மதியம் தினே, இரவு 'சூப்பே'.

இதிலும் பழைய வழக்கத்தைக் காத்தவர்கள் வெளியூர்க்காரர்கள்தான். பாரிசில் மேட்டுக்குடியினர் சாப்பிடும் நேரம் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் தள்ளிக்கொண்டே போனது. தினே இரவுக்கு நகர்ந்தது, தெஜெனே மதியத்துக்கு வந்தது, காலியான காலை வேளைக்குப் 'பெத்தி', அதாவது சிறிய, என்ற அடைமொழியோடு புதுப்பெயர் வேண்டியிருந்தது.

பாரிசில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பிள்ளை கியூபெக்கின் மொன்றியல் நகரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறது என்று வையுங்கள். பக்கத்து வீட்டார் "சனிக்கிழமை தினேக்கு வா" என்றால் பிள்ளை இரவு எட்டு மணிக்குப் போய் நிற்கும், அவர்கள் பன்னிரண்டு மணிக்கே சமைத்து வைத்துக் காத்திருந்திருப்பார்கள். எண் தப்பாக விழுந்தால் இலக்கம் கூடி உடனே காட்டிக்கொடுக்கும். இதில் இரண்டு பேருமே சரியாகப் புரிந்துகொண்டதாகத்தான் நினைப்பார்கள். அதனால் அழைப்பு வந்தால் வேளையின் பெயரை விட்டுவிட்டு மணியைக் கேளுங்கள். எண்களைப் பொறுத்தவரை, பேசும்போது இருக்கும் ஊரின் முறையே போதும். கேட்டுப் புரிந்துகொள்ள மட்டும் பிரான்சின் முறையை எல்லோருமே பழகித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் லோசானில் இருந்தாலும் பாரிஸ் தொலைக்காட்சி வீட்டுக்குள் பேசிக்கொண்டிருக்கும்.