வேலைக்கு வேலை கூடுதல் நாளா, கடைசியில் ஒரே பஃபரா? பொங்கல் மிக்ஸ் அறிமுகத்தை வைத்து ஓர் அலசல்

புதுப் பொருளைச் சந்தைக்குக் கொண்டுவர அட்டவணை போடும்போது தாமதத்துக்கான இடத்தை இரண்டு விதமாக விடலாம். ஒவ்வொரு வேலைக்கும் கொஞ்சம் கூடுதல் நாள் சேர்த்துக் கேட்பது நம் ஊரில் பெரும்பாலானோர் செய்வது. இன்னொன்று, ஒவ்வொரு வேலைக்கும் கூடுதல் நாளில்லாமல் ஒட்டிய கணக்கு போட்டுவிட்டு, மிச்சத்தை ஒன்றாகத் திரட்டிக் கடைசியில் ஒரே பஃபராக வைப்பது. மொத்த நாளில் இருபது சதவீதம் சும்மா கூட்டிப் போடும் மூன்றாவது வழியும் உண்டு. அந்த இருபது எங்கிருந்து வந்தது என்று முதலாளி கேட்டால் பதில் இருக்காது என்பதால் அதை இங்கே விட்டுவிடலாம். இந்தக் கட்டுரை சாய்வது ஒரே பஃபர் பக்கம்.

உதாரணத்துக்கு ஒரு சிறு உணவு நிறுவனம். பொருள், 500 கிராம் பவுச்சில் வரகு வெண்பொங்கல் மிக்ஸ். 2027 பொங்கல் ஜனவரி 15. வீட்டில் மாதச் சாமான் வாங்கும் வாரத்திலேயே கடையில் இருக்க வேண்டும் என்பதால், சரக்கு ஜனவரி 4 திங்கள் காலை விநியோகஸ்தர் கிடங்கில் இருந்தாக வேண்டும். நாள் என்பதெல்லாம் வாரம் ஆறு நாள் கணக்கு.

| மைல்கல் | பொறுப்பு | தாராளமான நாள் | ஒட்டிய நாள் |
|---|---|---|---|
| கலவை விகிதம் கையெழுத்தானது | தயாரிப்பு மேலாளர் | 10 | 6 |
| சத்து அளவு அறிக்கை கைக்கு வந்தது | தரக்கட்டுப்பாடு | 12 | 7 |
| லேபிள் இறுதி வடிவம் ஒப்புதலானது | மார்க்கெட்டிங் | 10 | 6 |
| பவுச் அச்சடிக்கும் சிலிண்டர் தயாரானது | கொள்முதல் | 10 | 6 |
| பவுச் ஆலைக்கு வந்தது | கொள்முதல் | 14 | 8 |
| முதல் பேட்ச் பேக் ஆனது | தயாரிப்பு மேலாளர் | 7 | 4 |
| சரக்கு கிடங்கில் இறங்கியது | விற்பனை | 9 | 5 |

தாராளமான கணக்கு 72 நாள். ஒட்டிய கணக்கு 42. நடுவில் இருப்பது 30. அதில் பாதியை, அதாவது 15 நாளை மட்டும் பஃபராக வைத்தால் மொத்தம் 57. எலியாஹு கோல்ட்ராட் 1997-இல் முன்வைத்த கிரிட்டிகல் செயின் முறையின் எளிய விதி இதுதான். ஏழு வேலையும் ஒரே சமயத்தில் மோசமாகப் போவது அபூர்வம், அதனால் ஏழு பேரின் பயத்தையும் தனித்தனியே சுமக்கத் தேவையில்லை என்பது அதன் தர்க்கம். இதைவிட நுணுக்கமான கணக்கும் உண்டு. ஒவ்வொரு வித்தியாசத்தையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 12 வரும். ஆனால் அது தாமதங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று எடுத்துக்கொள்கிறது. நவம்பர் மழை அச்சகத்தையும் லாரியையும் சேர்த்தே பிடிக்கும் என்பதால் 15-ஐ விட்டு இறங்காமல் இருப்பது நல்லது.

அட்டவணையில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மைல்கல் எல்லாம் ‘ஆனது’, ‘வந்தது’ என்று முடிகின்றன. ‘டிசைன் வேலை’ என்று எழுதினால் அது என்றைக்கும் தொண்ணூறு சதவீதம் முடிந்தே இருக்கும். பொறுப்பு என்ற கட்டத்தில் ‘டீம்’ என்று எழுதுவதும் யாரும் இல்லை என்று எழுதுவதும் ஒன்றே. வேலையை வெளியே யார் செய்தாலும், அதைக் கேட்டு வாங்கும் ஆள் உள்ளே ஒருவராக இருக்க வேண்டும்.

விடுமுறை பஃபரில் சேராது. தெரிந்தே வரும் நாளைத் தாமதம் என்று சொல்ல முடியாது. 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. அச்சகம் 7, 9, 10 மூன்று நாளும் ஓடாது என்றே வைத்துக்கொள்ளலாம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரண்டையும் சேர்த்து ஐந்து நாளை F2 முதல் F6 வரை எழுதிவிட்டு எக்செலில் இப்படிப் பின்னோக்கிப் போகலாம்:

```
=WORKDAY.INTL(DATE(2027,1,4),-57,11,F2:F6)
```

11 என்பது ஞாயிறு மட்டும் விடுமுறை என்பதற்கான எண். விடை அக்டோபர் 23, வெள்ளி. 72 நாள் கணக்கில் நடுவே ஆயுத பூஜை, விஜயதசமி இரண்டும் கூடுதலாக மாட்டும் என்பதால் அக்டோபர் 3-லேயே தொடங்க வேண்டும். வேறு விதமாகச் சொன்னால், அக்டோபர் 23-இல் தொடங்கும் ஒருவர் தாராளக் கணக்கை நம்பினால் மிக்ஸ் கடைக்கு வருவது பொங்கலுக்குப் பிறகுதான்.

நாள் மிச்சமாவது மட்டும் காரணம் என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. தீர்மானிக்கும் விஷயம் வேறு. கூடுதல் நாள் யார் கையில் இருக்கிறது, வாராவாரம் அது எவ்வளவு கரைந்தது என்பது கண்ணுக்குத் தெரிகிறதா என்பதே அது.

வேலைக்கு வேலை கூடுதல் நாள் விட்டால் அந்த நாள் வேலை செய்பவரின் சொந்தச் சொத்து. லேபிளுக்குப் பத்து நாள் கொடுத்தால் ஐந்தாம் நாள்தான் கோப்பு திறக்கும். அதைவிடப் பெரிய நஷ்டம், சீக்கிரம் முடிந்த வேலை அடுத்தவருக்குப் போய்ச் சேராதது. பரிசோதனைக் கூடத்திலிருந்து அறிக்கை பத்தாம் நாளே வந்துவிட்டாலும், டிசைனருக்குப் பதிமூன்றாம் நாள் என்றுதான் சொல்லியிருக்கிறோம்; அவர் அதுவரை வேறு வேலையில் இருப்பார். மிச்சமான இரண்டு நாள் காற்றோடு போயிற்று. தாமதம் மட்டும் ஒரு நாள் விடாமல் அடுத்தவர் தலையில் விழும்.

ஒரே பஃபராக வைத்தால் அது அட்டவணையை நடத்தும் ஒருவர் கையில் இருக்கிறது. வாராவாரம் அவர் எல்லோரிடமும் கேட்க வேண்டியது ஒரே கேள்வி, ‘இன்னும் எத்தனை நாள் வேண்டும்?’ எத்தனை சதவீதம் முடிந்தது என்று கேட்கக் கூடாது. விடையிலிருந்து இரண்டு எண் கிடைக்கும். ஏழு வேலைகளின் சங்கிலியில் எவ்வளவு முடிந்தது, பஃபரில் எவ்வளவு கரைந்தது. முதலாவது முன்னால் போகும்வரை கவலையில்லை. இரண்டாவது முந்தினால் அன்றே உட்கார்ந்து பேச வேண்டும்.

இந்த மிக்ஸிலேயே ஓட்டிப் பார்க்கலாம். கலவை 6 நாளுக்குப் பதில் 8 ஆனது. அறிக்கை 7-க்குப் பதில் 10. லேபிள் மட்டும் ஒரு நாள் முன்னதாக 5-லேயே முடிந்தது. 42-இல் 19 நாள் வேலை, அதாவது 45 சதவீதம் முடிந்தது. பஃபரில் 4 நாள், 27 சதவீதம் போயிற்று. நிம்மதியாக இருக்கலாம். அடுத்து சிலிண்டரில் அடி விழுகிறது. நிகர எடையைக் காட்டும் எண்ணுக்குக் குறைந்தபட்ச உயரம் சட்டமுறை எடையளவு விதியில் உண்டு. அதைவிடச் சிறியதாகப் போய்விட்டது, சிலிண்டர் செதுக்கிய பிறகுதான் கண்ணில் பட்டது. 6 நாள் 11 ஆனது. இப்போது சங்கிலி 60 சதவீதம், பஃபரும் 60 சதவீதம். இரண்டும் சமமான அன்றே கொள்முதல் மேலாளர் அச்சகத்தில் இடம் உறுதி செய்ய வேண்டும், விற்பனை மேலாளர் லாரியை முன்பதிவு செய்ய வேண்டும். அச்சு 8-க்குப் பதில் 10 நாள் எடுத்தாலும் பஃபரில் 11 நாள்தான் செலவு. மீதி இரண்டும் கணக்குப்படி நடந்தால் 4 நாள் கையில் இருக்க, சரக்கு இறங்கிவிடும். தாராளக் கணக்கில் இதே தவறு ‘ஒரு நாள் தாமதம்’ என்று ஒரு வரியில் போயிருக்கும், யாரும் லாரியைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள்.

சார்புகளை எழுதும்போது அம்புக்குறி போட்டால் போதாது. எந்தத் தகவல் மாறினால் பின்னால் எது உடையும் என்று எழுத வேண்டும். இந்த மிக்ஸில் ஆபத்தான பொருள் பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு சேர்ந்திருக்கும். அப்படியானால் முந்திரியோடு கோதுமையையும் ஒவ்வாமை அறிவிப்பில் போட வேண்டும். நடுவில் கொள்முதல் ஆள் விலை குறைவு என்று அரிசி மாவு கலந்த பெருங்காயத்திலிருந்து கோதுமை கலந்ததற்கு மாறினால், லேபிள் தவறாகிவிடும். கூட்டுப்பொருள் பட்டியல் எடையில் இறங்குவரிசையில் இருக்க வேண்டும் என்பதால், பாசிப்பருப்பைக் கூட்டிக் குறைத்தாலும் வரிசை மாறக்கூடும். ஆகவே கலவைக் கையெழுத்தில் விகிதம் மட்டுமல்லாமல் வாங்கும் பிராண்டும் இருக்க வேண்டும்.

அச்சில் இன்னொரு சிக்கனம். பவுச் அச்சடிக்கும் ரோட்டோகிரேவியூர் முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர். எழுத்து முழுவதையும் கறுப்பில் மட்டும் வைத்தால், தவறு வந்தாலும் ஒரே சிலிண்டரை மாற்றினால் போதும். விலை, பேட்ச் எண், தயாரித்த தேதி ஆகியவற்றைப் பேக்கிங்கில் இங்க்ஜெட்டில் அடிக்க வெற்றிடம் விட்டுவிட வேண்டும்.

ஒட்டிய கணக்கிலும் கை வைக்கக் கூடாத நாட்கள் உண்டு. லேமினேட் ஒட்டிய பிறகு பசை இறுக விட வேண்டிய நேரம் அப்படிப்பட்டது. அவசரத்தில் அதற்குமுன் வெட்டினால் அடுக்கு பிரியும், பவுச்சைத் திறந்தால் கரைப்பான் வாடை வரும். எட்டு நாளைக் குறைக்கச் சொல்லி அச்சகத்தை நெருக்கும்போது முதலில் பலியாவது இந்த நேரம்தான். அதைத் தனி வரியாக அட்டவணையில் எழுதிப் பூட்டிவிடலாம்.

உணவுப் பாதுகாப்பு உரிமத்தில் புதுப் பொருள் வகையைச் சேர்ப்பது, பார்கோடு எண் வாங்குவது, கடைகளோடு கமிஷன் பேசுவது ஆகியவை இந்த ஏழு வேலைக்கு இணையாக ஓடும் பக்கச் சங்கிலிகள். உரிமத்துக்கு ஒட்டிய கணக்கு போடவே கூடாது. அலுவலகத்தில் கோப்பு நகரும் வேகத்துக்கும் நம் சுறுசுறுப்புக்கும் தொடர்பில்லை. அதை அக்டோபருக்கு முன்பே தொடங்கி, சிலிண்டர் செதுக்கும் நாளுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னால் கையில் இருக்கும்படி அதற்கென்று தனி இடைவெளி விட வேண்டும். இங்கே பழைய முறையே சரி.

பழைய முறை வெல்லும் வேறு இடமும் இருக்கிறது. அச்சகத்துக்கு நம் பஃபர் பற்றி அக்கறையில்லை. அவர்களுக்கு எழுத்தில் ஒரு தேதி வேண்டும், தவறினால் அபராதம் என்று ஒப்பந்தம் போட்டால் அவர்களே தாராளமாகத்தான் கேட்பார்கள். ஒரே டிசைனர் நாலு பிராண்டுக்கு மாறி மாறி உழைக்கும் நிறுவனத்திலும் இந்த 15 நாள் போதும் என்று அடித்துச் சொல்ல முடியாது. அங்கே முதலில் டிசைனரின் வரிசையை ஒழுங்குபடுத்த வேண்டும். அப்புறம், முதலாளி ஒட்டிய நாளை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு ‘ஆறு நாள் என்றாயே’ என்று கேட்கும் இடத்தில் ஒரே பஃபர் இரண்டாவது முறை வேலை செய்யாது. அடுத்த தடவை எல்லோரும் பத்து நாளே கேட்பார்கள், நீங்கள் அதன்மேல் இன்னொரு பஃபரும் போடுவீர்கள்.