மூன்று மதிப்பெண் பதிலைச் சுருக்குவது: வெட்டுவதா, குறிப்பாக்குவதா, திரும்ப எழுதுவதா?

கேள்வி இது: "இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் வலதை விடத் தடிமனாக இருப்பது ஏன்?" மதிப்பெண் 3. மனப்பாடம் செய்து வைத்திருக்கும் பதிலோ ஒரு பக்கம். இதயத்துக்கு நான்கு அறைகள் என்று தொடங்கி, வால்வுகளைச் சொல்லி, இரத்த ஓட்டத்தின் முழுப் பாதையையும் சுற்றிவிட்டுக் கடைசியில்தான் தடிமனுக்கு வருகிறது.

இதைச் சுருக்கப் பலரும் முதலில் செய்வது, வாக்கியங்களை வெட்டுவது. வேகமான வழிதான். ஆனால் முன்பாதியில் அறிமுகம் வாழ்கிறது, காரணம் பின்பாதியில் இருக்கிறது. இடம் தீர்ந்ததும் வெட்டு விழுவது பின்பாதியில். மிஞ்சிய பதிலில் எல்லாமே சரியான தகவல், ஆனால் "ஏன்" என்பதற்குப் பதில் இல்லை.

அடுத்தது, குறிப்புகளாக்குவது:

இடது – உடல்
வலது – நுரையீரல்
இடது – தடிமன்

பார்க்க அழகாக இருக்கிறது. மூன்று வரிகளையும் இணைக்கும் அழுத்தம் மட்டும் காணாமல் போய்விட்டது. "பெயர்களைக் குறிப்பிடுக", "பட்டியலிடுக" என்ற கேள்விகளுக்கு இந்த வடிவத்தை விட நல்லது இல்லை. "ஏன்" கேள்விக்கு நான் இதைத் தொடமாட்டேன்.

மூன்றாவது வழி கொஞ்சம் மெனக்கெட வைக்கும். பழைய பதிலை மூடி வைத்துவிட்டு, மதிப்பெண் தரக்கூடிய புள்ளிகளை மட்டும் பென்சிலில் எழுத வேண்டும். இங்கே அவை: இடது உடல் முழுவதற்கும் செலுத்துகிறது, வலது அருகிலேயே உள்ள நுரையீரலுக்கு மட்டும் செலுத்துகிறது, அதனால் இடதுக்கு அதிக அழுத்தம், அதற்குத் தடித்த தசை. பிறகு இவற்றை வாக்கியமாக்கலாம்:

"வலது வெண்ட்ரிக்கிள் அருகிலுள்ள நுரையீரலுக்கு மட்டும் இரத்தத்தைச் செலுத்துகிறது. இடது வெண்ட்ரிக்கிள் உடல் முழுவதற்கும் செலுத்துவதால், அதிக அழுத்தத்துடன் சுருங்க வேண்டியுள்ளது. எனவே அதன் தசைச்சுவர் வலதை விடத் தடிமனாக உள்ளது."

மூன்றே வாக்கியம். "மட்டும்", "அதிக", "வலதை விட" ஆகிய சொற்கள் சின்னதாகத் தெரியும். சுருக்கும்போது முதலில் பறிபோவதும் இவைதான். இவை போனால் ஒப்பீடே போய்விடும். திருத்துபவர் வலது பக்கத்தைப் பற்றி ஒரு சொல்லாவது தேடுவார். இடதைப் பற்றி மட்டும் எவ்வளவு எழுதினாலும் அந்த மதிப்பெண் வராது.

புள்ளிகளே தெரியாதவருக்கு இந்த வழி உதவாது. அப்படியானால் நீளமான பதிலை ஒருமுறை முழுதாகப் படித்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரத்தில் அது எந்தப் புள்ளி என்று எண் போட வேண்டும். எண் கிடைக்காத வாக்கியம் வெளியே. வால்வுகள், நான்கு அறைகள் எல்லாம் அங்கே தானாக விழுந்துவிடும். ஒரே எண் இரண்டு வாக்கியங்களுக்கு வந்தால், ஒப்பீட்டுச் சொல் இருக்கிற வாக்கியத்தை வைத்துக்கொள்ளலாம்.