செட்டிநாட்டில் ஒரு நாள்: கிட்ட இருப்பதை முதலில் பார்ப்பதா, நடை சாத்துவதை முதலில் பார்ப்பதா?

காரைக்குடியில் அறை எடுத்துக்கொண்டு ஒரே நாளில் சுற்றிவிட்டுக் கிளம்புபவர்கள் பொதுவாக ஐந்து இடங்களைக் குறித்துக்கொண்டு வருவார்கள்: காரைக்குடி ஊர், குன்றக்குடி முருகன் கோயில், பிள்ளையார்பட்டி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான். இந்த ஐந்தையும் ஒரு வட்டமாகச் சுற்றி வந்தால் கிட்டத்தட்ட 50 கி.மீ. ஆகும். எங்கே தொடங்கினாலும் வண்டி ஓடும் தூரம் பெரிதாக மாறாது. மாறுவது, எந்த ஊரில் எத்தனை மணிக்கு நிற்கிறோம் என்பதுதான். திட்டம் தேறுவதும் தவறுவதும் அங்கேதான்.

வழக்கத்தில் உள்ள மூன்று வரிசைகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது, அறைக்குப் பக்கத்தில் இருப்பதில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் போவது. இரண்டாவது, நடை சாத்தும் நேரத்தைப் பார்த்துக் கோயில்களை விடியலிலேயே முடித்துவிட்டு ஊரைக் கடைசிக்கு வைப்பது. மூன்றாவது, வட்டத்தைத் தலைகீழாகத் திருப்பி, கானாடுகாத்தான், ஆத்தங்குடியின் பழைய செட்டியார் வீடுகளைக் காலையிலும் கோயில்களை மாலையிலும் பார்ப்பது.

| இடம் | கிட்டத்தில் இருப்பது முதலில் | கோயில் முதலில் | எதிர்ச் சுற்று |
|---|---|---|---|
| காரைக்குடி ஊர் | காலை 7:30 | மாலை 5:00 | இரவு 7:15 |
| குன்றக்குடி | பகல் 11:45 | காலை 6:45 | மாலை 5:45 |
| பிள்ளையார்பட்டி | பகல் 12:40 | காலை 8:15 | மாலை 4:15 |
| ஆத்தங்குடி | பிற்பகல் 2:30 | காலை 10:00 | பகல் 12:15 |
| கானாடுகாத்தான் | மாலை 4:15 | பகல் 12:00 | காலை 9:30 |

முதல் வரிசை காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கும். அறையிலிருந்து நடந்தே கொப்புடையம்மன் கோயிலுக்குப் போகலாம், அங்கிருந்து ஆயிரம் ஜன்னல் வீடு, பிறகு முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள். ஆனால் அந்தக் கடைகள் 10 மணிவாக்கில்தான் திறக்கும். 9 மணிக்கே போய் நின்றால் ஒரு மணி நேரம் காபியில் கழியும். கடைக்குள் நுழைந்து மரச்சாமான், எனாமல் பாத்திரம் என்று பார்க்கத் தொடங்கினால் 11:15க்கு முன்னால் வெளியே வர முடியாது. குன்றக்குடி அடிவாரத்துக்கு வந்து சேரும்போது உச்சிவெயில். செருப்பை விட்டுவிட்டுப் படியேறும்போது கல் காலைச் சுடும், மேலே நடை சாத்தத் தயாராக இருப்பார்கள். அவசரமாக இறங்கி 12:40க்குப் பிள்ளையார்பட்டி போனால், 1 மணிக்கு நடை சாத்தும் கோயிலில் வரிசையின் கடைசி ஆளாக நிற்கலாம். இரண்டு கோயிலும் திரும்பத் திறக்க மாலை 4 ஆகும். காத்திருந்தால் கானாடுகாத்தான் போய்விடும், காத்திருக்காவிட்டால் கோயில் போய்விடும். தூரத்தை மட்டும் பார்த்துப் போட்ட வரிசை இங்கே இப்படித்தான் நடுப்பகலில் இரண்டாக உடையும்.

இதைத் தவிர்க்க ஒரு சிறிய கணக்கு போதும். ஒவ்வொரு இடத்துக்கும் சாத்தும் நேரத்தை எழுதி, அங்கே செலவாகும் நேரத்தையும் அரை மணி நேரத் தாராளத்தையும் கழித்தால், ‘இதற்கு மேல் போய்ப் பயனில்லை’ என்ற கடைசி நேரம் கிடைக்கும். பிள்ளையார்பட்டி 1 மணிக்குச் சாத்துகிறது, தரிசனத்துக்கு ஒரு மணி நேரம், தாராளம் அரை மணி என்றால் கடைசி நேரம் 11:30. குன்றக்குடியில் ஏறி இறங்கவே நேரம் பிடிக்கும், சில நாள் 1 மணிக்கு முன்பே நடை சாத்திவிடுவார்கள். அதனால் 10 மணியைக் கடைசி என்று வைத்துக்கொள்வது நல்லது. ஆத்தங்குடிப் பெரிய வீடு 5 மணிவாக்கில் மூடும், முக்கால் மணி நேரம் போதும் என்பதால் 3:45 வரை இழுக்கலாம். கானாடுகாத்தானுக்கு இரண்டு மணி நேரம் வேண்டும், கடைசி நேரம் 2:30. காரைக்குடிக் கடைத்தெரு விளக்கு வைத்த பிறகும் திறந்திருக்கும், கொப்புடையம்மன் கோயில் நடையும் மாலையில் திறக்கும். ஆக, அறைக்கு மிக அருகில் இருக்கும் இடத்துக்குத்தான் கடைசி நேரம் எல்லாவற்றுக்கும் பின்னால் வருகிறது. கிட்ட இருக்கிறதே என்று காலையில் அதற்குக் கொடுக்கும் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் மற்ற நான்கு இடங்களிலிருந்து பிடுங்கிக் கொடுப்பது.

கைப்பேசி வரைபடத்தில் காட்டும் நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கோயில்களுக்குப் பல சமயம் காலை 6 முதல் இரவு 8:30 வரை என்று ஒரே நீட்டாகப் போட்டிருக்கும், நடுப்பகல் இடைவேளை அதில் இருக்காது.

இரண்டாவது வரிசை இந்தக் கணக்கிலிருந்து தானாக வருவது. விடிந்ததும் கிளம்பினால் முதலில் வருவது குன்றக்குடி, அங்கிருந்து மூன்று நான்கு கி.மீ. தள்ளிப் பிள்ளையார்பட்டி. சாதாரண நாளில் இந்த வரிசையே சரி. கல் குளிர்ந்திருக்கும்போதே மலையேறி இறங்கிவிடலாம், வந்த வழியே திரும்பவும் வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் சங்கடஹர சதுர்த்தியும் விதிவிலக்கு. அன்று குன்றக்குடியைத் தாண்டி நேரே பிள்ளையார்பட்டி போய்விட்டுத் திரும்பி வர வேண்டும். கூடுதலாக ஓடும் சில கி.மீ. வரிசையில் நிற்கும் நேரத்துக்கு முன்னால் ஒன்றுமில்லை. தைப்பூசம், பங்குனி உத்திரம் என்றால் குன்றக்குடியையே வேறு நாளைக்குத் தள்ளிவிடுவது புத்திசாலித்தனம்.

10 மணிக்கு ஆத்தங்குடி போய்ச் சேர்வதில் இன்னொரு லாபம், வீட்டுத் தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் வார்ப்பதைப் பார்க்கலாம். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, பூவேலை அச்சைப் பொருத்தி, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சாயம் கலந்த சிமென்ட் குழம்பைச் சிறு கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் அதன் மேல் உலர்ந்த மணல் சிமென்ட் கலவையைத் தூவி, பிறகு ஈரக் கலவையை அள்ளி வைத்து மட்டம் தட்டுவார்கள். கல்லின் பளபளப்பு மெருகிடுவதால் வருவதில்லை, கண்ணாடியை ஒட்டி இறுகுவதால் வருவது. இதைப் பார்க்கக் கால் மணி நேரம் போதும், ஆனால் பட்டறையில் கை ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் போக வேண்டும். எதிர்ச் சுற்றில் 12:15க்குப் போகிறவர் பெரும்பாலும் சாப்பாட்டு வேளைக்குத்தான் போய் நிற்பார். பட்டறை பார்ப்பதுதான் நோக்கம் என்றால் ஞாயிறு வேண்டாம்.

கானாடுகாத்தானில் கதை வேறு. இங்கேதான் நடைதூரம் உண்மையிலேயே வரிசையைத் தீர்மானிக்கிறது. பார்க்க வேண்டிய வீடுகள் எல்லாம் அரண்மனையைச் சுற்றிச் சில தெருக்களுக்குள் அடங்கிவிடும். வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு நடந்தால் போதும். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கட்டிய அரண்மனையைப் பொதுவாக வெளியே நின்றுதான் பார்க்க முடியும், ஆகவே அதற்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. உள்ளே விடும் வீடுகளை முதலில் முடித்துவிட்டு, அரண்மனை முகப்பையும் தெருக்களையும் மிச்ச நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

நடக்கும்போது ஒரு விஷயத்தைக் கணக்கில் வைக்க வேண்டும். இங்கே வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பும் திண்ணையும் ஒரு தெருவில், வளவு என்ற நடுமுற்றம் தாண்டி, கட்டுகள் தாண்டி, பின்வாசல் அடுத்த தெருவில். வரைபடத்துப் புள்ளி வீட்டின் நடுவிலோ பின்கட்டிலோ விழுந்திருந்தால், கைப்பேசி உங்களைப் பின்தெருவில் கொண்டுபோய் நிறுத்தி ‘வந்துவிட்டீர்கள்’ என்று சொல்லும். எதிரே நீண்ட மதிலும் பூட்டிய கதவும்தான் இருக்கும். வீடு மூடியிருக்கிறது என்று திரும்பிவிடாமல் மதிலைச் சுற்றி முன்தெருவுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். படத்தில் நூறு மீட்டர் என்று தெரிவது காலுக்கு நானூறு மீட்டர் ஆகலாம். ஒரு கி.மீ. நடக்கக் கால் மணி நேரம் என்பது நிழலில் நடப்பவருக்குச் சரி. சித்திரை வெயிலில் இருபது நிமிடம் என்று போட்டால்தான் கணக்கு ஒத்துவரும்.

12 மணிக்கு அங்கே போவதால் சாப்பாடும் அங்கேதான். ஊர் சின்னது, கடைகள் குறைவு. பழைய வீடுகளில் நடக்கும் விடுதிகளில் செட்டிநாட்டுச் சாப்பாடு கிடைக்கும், ஆனால் தங்காதவர்கள் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு 2 மணிக்கு வீடுகளுக்குள் நுழைந்தால் வெயில் நேரம் வளவின் நிழலில் கழியும். 4:30க்குக் கிளம்பினால் 5 மணிக்குக் காரைக்குடி. அங்கே முதலில் ஆயிரம் ஜன்னல் வீடு, ஏனென்றால் அதைப் பார்க்கப் பகல் வெளிச்சம் வேண்டும், மார்கழியில் 6 மணிக்கே இருட்டிவிடும். அடுத்து பழம்பொருள் கடைகள், கடைசியில் கொப்புடையம்மன்.

எதிர்ச் சுற்றைத் தள்ளிவிட முடியாது. வயதானவர்களுடனோ கைக்குழந்தையுடனோ வருபவர்கள் காலை 9 மணிக்கு முன்னால் கிளம்புவது நடக்காத காரியம். அவர்கள் இரண்டாவது வரிசையைப் பிடித்துக்கொண்டு தாமதமாகக் கிளம்பினால் முதல் வரிசையின் கதிதான் வரும். அதைவிட வீடுகளில் தொடங்கி, கோயில்களை மாலை நடைக்கு விட்டுவிடலாம். குன்றக்குடி மேலிருந்து மாலை வெளிச்சத்தில் ஊரைப் பார்ப்பதும் இந்த வரிசையில்தான் கிடைக்கும். குறை என்னவென்றால், மதியம் சாத்தியதிலிருந்து காத்திருக்கும் கூட்டம் முழுவதும் 4 மணிக்குப் பிள்ளையார்பட்டி வாசலில் இருக்கும். காரைக்குடிக் கடைகளுக்கு நேரம் மிஞ்சுவதும் சந்தேகம்.

எந்த வரிசையாக இருந்தாலும் முதலில் காலண்டரைப் புரட்டி முகூர்த்த நாளா என்று பார்த்துவிடுங்கள். இவை பங்காளிகளுக்குப் பொதுவான வீடுகள். கல்யாணமோ அறுபதாம் கல்யாணமோ முன்னோருக்கான படைப்போ நடந்தால், நேரம் என்ன போட்டிருந்தாலும் வெளியாளுக்கு அன்று அனுமதி இல்லை. முதல் நாள் மாலை ஒரு போன் போட்டுக் காவலாளியிடம் கேட்டுவிட்டால் தெரிந்துவிடும். ஒரு வீடு இல்லை என்றால் அதற்காக வட்டத்தை மாற்ற வேண்டாம், அந்த நேரத்தைப் பக்கத்து வீட்டுக்கோ தெரு நடைக்கோ கொடுத்தால் போதும்.

இந்தக் கணக்கெல்லாம் சொந்த வண்டிக்கும் வாடகை வண்டிக்கும்தான். பேருந்தை நம்பினால் காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வரை சிரமம் இருக்காது. ஆத்தங்குடியிலிருந்து கானாடுகாத்தானுக்குக் குறுக்கே போகும் பாதைதான் சிக்கல், பெரும்பாலும் காரைக்குடிக்கே திரும்பி வந்து மறுபடி கிளம்ப வேண்டியிருக்கும். அந்த ஒரு பகுதிக்கு மட்டும் ஆட்டோ பேசிக்கொள்ளலாம். அதுவும் முடியாது என்றால் ஆத்தங்குடியை விட்டுவிடுங்கள். அந்தக் கல்லைக் கானாடுகாத்தான் வீடுகளின் தரையிலும் பார்க்கலாம்.